ரூபாய்க்குப் பின்னால் டாலர்: கரன்சி போர்டா, மத்திய வங்கியா, நேரடி டாலரா?

2022இல் சில வாரங்களுக்குள் இலங்கை ரூபாய் டாலருக்கு 203இலிருந்து 360ஐத் தாண்டிச் சரிந்தபோது, ஒரு பழைய யோசனை மறுபடி பேச்சுக்கு வந்தது. மத்திய வங்கியின் கையைக் கட்டுங்கள், டாலர் வந்தால் மட்டுமே ரூபாய் வெளியிடும் கரன்சி போர்டை வையுங்கள், ரூபாய் தானாக நிலைபெறும் என்றார்கள். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஸ்டீவ் ஹாங்கி இதை உரக்கச் சொன்னவர்களில் ஒருவர். வேறு சிலர் இன்னும் ஒருபடி போய், ரூபாயே வேண்டாம், டாலரையே புழங்கலாமே என்றார்கள். அன்றிலிருந்து இந்த மூன்றில் எது நல்லது என்று கேட்டு எழுதுபவர்கள் குறையவில்லை. அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் ஒரு சொல் சிக்கல். கரன்சி போர்டை 'நாணயச் சபை' என்று தமிழாக்கலாம். ஆனால் இலங்கையில் அந்தப் பெயர் மத்திய வங்கியின் நிர்வாகக் குழுவைக் குறித்துவந்தது. அதனால் இங்கே கரன்சி போர்டு என்றே எழுதுகிறேன்.

இலங்கைக்கு இது புதிய சரக்கும் அல்ல. 1884இல் காப்பித் தோட்டங்கள் இலைநோயில் அழிந்துகொண்டிருந்த நேரத்தில், அந்தத் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன் திவாலானது. அந்த வங்கி அச்சிட்ட நோட்டுகள் அன்று பரவலாகப் புழங்கின. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசு பொறுப்பேற்கும் என்று அறிவித்தார். அதே ஆண்டில் நோட்டு வெளியிடும் வேலை அரசின் நாணய ஆணையாளர்களிடம் போனது. 1950 ஆகஸ்ட் 28இல் மத்திய வங்கி திறக்கப்படும்வரை அந்த ஏற்பாடுதான் நடந்தது. ஆகவே இலங்கைக்குச் சொல்லப்படும் யோசனை தாத்தா காலத்து ஏற்பாட்டுக்குத் திரும்பு என்பதுதான்.

## எதை வைத்து அளப்பது

விலைவாசியை மட்டும் வைத்துப் பார்த்தால் கரன்சி போர்டு பெரும்பாலும் வெல்லும். அது நியாயமான அளவுகோல் அல்ல. நான் ஐந்து கேள்விகளை வைக்கிறேன். அரசிடம் பணம் இல்லாதபோது அச்சடித்துக் கொடுக்க முடியுமா? வெளியிலிருந்து அடி விழுந்தால் அதை நாணய மதிப்பு தாங்குமா, அல்லது சம்பளமும் வேலையும் தாங்குமா? வங்கி வாசலில் கூட்டம் கூடினால் காப்பாற்றுவது யார்? ஏற்பாட்டைத் தொடங்க எவ்வளவு டாலர் வேண்டும், அந்த டாலரின் வட்டி யாருக்குப் போகும்? பிடிக்கவில்லை என்றால் வெளியே வர வழி உண்டா?

## கரன்சி போர்டு: ஒரே ஒரு ஜன்னல்

கரன்சி போர்டை ஒரு ஜன்னலாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே டாலரைக் கொடுத்தால் சட்டத்தில் எழுதிய விலைக்கு உள்நாட்டுப் பணம் தருவார்கள். உள்நாட்டுப் பணத்தைக் கொடுத்தால் அதே விலைக்கு டாலர் தருவார்கள். வேறு எந்தக் காரணத்துக்காகவும் புதுப் பணம் பிறக்காது. அரசு பத்திரத்தை நீட்டினால் வாங்க மாட்டார்கள். வங்கி அழுதால் கடன் தர மாட்டார்கள். டாலர் கையிருப்பு பணத்தைத் தாங்குகிறது என்பதைவிட, கையிருப்பு வராமல் பணம் பிறக்கவே முடியாது என்று சொல்வது சரி.

இன்று இதை மிகக் கவனமாக நடத்துவது ஹாங்காங். 1983 அக்டோபர் 17 முதல் அமெரிக்க டாலருக்கு 7.80 ஹாங்காங் டாலர். அங்கே நோட்டுகளை அச்சிடுவது எச்.எஸ்.பி.சி., ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு, பேங்க் ஆஃப் சைனா ஆகிய மூன்று வணிக வங்கிகள். ஒரு வங்கி 500 டாலர் நோட்டு ஒன்றைப் புதிதாக வெளியிட வேண்டுமானால், முதலில் சுமார் 64 அமெரிக்க டாலர் 10 சென்டை நாணய ஆணையத்திடம் கட்ட வேண்டும். ஆணையம் அதற்கு ஈடாகக் கடன் சான்று ஒன்று தரும். அந்தச் சான்று இருந்தால்தான் நோட்டு வெளியே வரலாம். நோட்டைத் திரும்பப் பெற்றால் சான்றைக் கொடுத்து டாலரை வாங்கிக்கொள்ளலாம்.

நோட்டு சிறு பகுதிதான். அன்றாடம் ஏறி இறங்குவது வங்கிகள் ஆணையத்தில் வைத்திருக்கும் கணக்கு நிலுவை. 2005 முதல் விலைக்கு ஒரு பட்டை உண்டு. 7.75ஐத் தொட்டால் ஆணையம் அமெரிக்க டாலரை வாங்கி உள்ளூர் பணத்தைக் கொடுக்கும். 7.85ஐத் தொட்டால் உள்ளூர் பணத்தை வாங்கி அமெரிக்க டாலரைக் கொடுக்கும்.

2025 மே மாதத்தில் நடந்ததைப் பாருங்கள். ஹாங்காங் டாலருக்குத் தேவை கூடி விலை 7.75ஐத் தொட்டது. சில நாட்களில் ஆணையம் சுமார் 12,940 கோடி ஹாங்காங் டாலரை விற்றது. வங்கிகளின் நிலுவை ஏறக்குறைய 4,500 கோடியிலிருந்து 17,400 கோடியானது. பணம் வழிந்ததும் வங்கிகளுக்கு இடையிலான ஓரிரவு வட்டி 4 சதவீத அளவிலிருந்து பூஜ்ஜியத்தருகே விழுந்தது. அமெரிக்காவிலோ வட்டி 4 சதவீதத்துக்கு மேல். விடுவார்களா? இங்கே மலிவாகக் கடன் வாங்கி அங்கே போட்டார்கள். அதற்காக ஹாங்காங் டாலரை விற்றதில் ஜூன் கடைசியில் விலை 7.85க்கே போய்விட்டது. இப்போது ஆணையம் அமெரிக்க டாலரைக் கொடுத்து உள்ளூர் பணத்தைத் திரும்ப எடுத்தது. ஆகஸ்ட் மாதத்துக்குள் நிலுவை ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்தது, வட்டியும் ஏறியது. எந்தக் குழுவும் கூடி வட்டியை இவ்வளவு வையுங்கள் என்று தீர்மானிக்கவில்லை. கையிருப்பு வந்தது, பணம் கூடியது, வட்டி விழுந்தது; கையிருப்பு போனது, பணம் சுருங்கியது, வட்டி ஏறியது.

இதன் விலை என்ன? வட்டி இனி உங்கள் கையில் இல்லை. 2022இல் ஹாங்காங்கின் பொருளாதாரம் சுருங்கியது. அதே ஆண்டில் அமெரிக்கா தன் விலைவாசிக்காக வட்டியை ஏற்றிக்கொண்டே போனது. ஹாங்காங்கும் பின்னாலேயே ஏற்ற வேண்டியிருந்தது. அதற்கு முன், 1997 ஆசிய நெருக்கடியின்போது, தாய்லாந்தும் கொரியாவும் தங்கள் நாணயத்தை விழவிட்டன. ஹாங்காங்கில் விழுந்தவை வீட்டு விலையும் சம்பளமும். 1998 கடைசியிலிருந்து 2004வரை அங்கே பொருள்களின் விலை குறைந்துகொண்டே இருந்தது. கேட்க இனிமையாக இருக்கும். வீட்டுக் கடன் கட்டுபவரைக் கேட்டுப் பாருங்கள்.

### நூறு சதவீதம் என்றால் எதற்கு நூறு சதவீதம்?

இங்கேதான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். கையிருப்பு ஈடுகட்டுவது அடித்தளப் பணத்தை மட்டும்தான், அதாவது நோட்டு, வங்கிகளின் நிலுவை, ஹாங்காங்கில் கூடவே ஆணையத்தின் குறுங்காலப் பத்திரங்கள். வங்கியில் நீங்கள் போட்டிருக்கும் வைப்புத்தொகை அதில் சேராது. வைப்புத்தொகை அடித்தளப் பணத்தைப்போல் பல மடங்கு. எல்லோரும் ஒரே நாளில் வைப்பை எடுத்து டாலராக்க வந்தால், நூறு சதவீதக் கையிருப்பு உள்ள போர்டாலும் கொடுக்க முடியாது. போர்டு பொய் சொல்லவில்லை. அது உங்கள் வைப்புக்கு வாக்கே கொடுக்கவில்லை.

### ஓட்டை போட்ட போர்டு: அர்ஜென்டினா

1991 ஏப்ரலில் அர்ஜென்டினா தன் நாணயத்தை டாலருடன் சட்டத்தால் கட்டியது. அடுத்த ஆண்டு புது பெசோ வந்தபின் கணக்கு எளிது: ஒரு பெசோ, ஒரு டாலர். ஆயிரக்கணக்கான சதவீதத்தில் ஓடிய விலைவாசி சில ஆண்டுகளில் அடங்கியது. பொருளாதார அமைச்சர் டொமிங்கோ கவாலோவை உலகமே புகழ்ந்தது.

ஆனால் அந்தச் சட்டத்துக்குள் ஒரு சிறு கதவு இருந்தது. கையிருப்பில் மூன்றில் ஒரு பங்குவரை அர்ஜென்டின அரசே வெளியிட்ட டாலர் பத்திரங்களாக இருக்கலாம். அரசு தடுமாறும் நாளில் அந்தப் பத்திரமும் சேர்ந்து தடுமாறும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மத்திய வங்கியையும் மூடவில்லை. வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் அதிகாரமும் ஓரளவு அதனிடம் இருந்தது. ஹாங்கி போன்றவர்கள் இதைக் கரன்சி போர்டு என்றே ஒப்புக்கொள்வதில்லை. அதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் நாட்டை முதலில் கீழே தள்ளியது இந்த ஓட்டை அல்ல.

1999 ஜனவரியில் பக்கத்து வீடான பிரேசில் தன் நாணயத்தை விழவிட்டது. டாலரும் உலகச் சந்தையில் வலுத்தது. பெசோ டாலரோடு கட்டப்பட்டிருந்ததால் அர்ஜென்டினச் சரக்கு விலையேறி விற்காமல் நின்றது. ஹாங்காங்கில் சம்பளம் இறங்கியதுபோல இங்கே எளிதில் இறங்கவில்லை, தொழிற்சங்கங்கள் வலுவானவை. எனவே வேலைகள் போயின. வரி வரவு குறைந்தது. அச்சடிக்க வழியில்லாத மாகாண அரசுகள் சம்பளத்துக்குப் பத்திரத்தையே நோட்டுபோல் கொடுத்தன. புவெனஸ் ஐரிஸ் மாகாணத்தின் 'பத்தகோன்' அப்படிப் பிறந்தது. ஒரு போர்டு உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை: முன்வாசலில் பணம் பிறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கும், பின்வாசலில் வேறு பெயரில் பணம் பிறந்துகொண்டிருக்கும்.

2001 கடைசியில் மக்கள் வைப்பை எடுக்க ஓடினார்கள். டிசம்பர் 1 அன்று அரசு, வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் ரொக்கமாக எடுக்கக் கூடாது என்றது. ஜனவரியில் கட்டு அறுந்தது. ஆண்டு நடுவில் ஒரு டாலருக்கு நான்கு பெசோ அளவுக்குப் போனது. டாலர் கடன்கள் ஒரு டாலருக்கு ஒரு பெசோ என்றும் டாலர் வைப்புகள் 1.40 பெசோ என்றும் மாற்றி எழுதப்பட்டன. இடையிலான நட்டம் வங்கிகளின் தலையிலும், கடைசியில் அரசின் தலையிலும் விழுந்தது.

## சாதாரண மத்திய வங்கி

இதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன: பணத்தை டாலர் வராமலேயே உண்டாக்கலாம். நல்ல வங்கி ஒன்றின் வாசலில் வதந்தியால் கூட்டம் கூடினால், மத்திய வங்கி ஒரே இரவில் ரொக்கம் கொடுத்து அதை நிறுத்திவிடும். ஏற்றுமதி விழுந்தால் நாணய மதிப்பு இறங்கி அடியில் பாதியை வாங்கிக்கொள்ளும். ஆலை மூடப்பட வேண்டியதில்லை.

அதே கதவு வழியாகத்தான் அரசும் வரும். 2019 கடைசியில் இலங்கையில் வரிகளைக் குறைத்தார்கள். 2020, 2021இல் கடன் கொடுப்பார் இல்லை. அரசின் குறுங்காலக் கடன் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களை மத்திய வங்கி வாங்கிக் குவித்தது. அப்படிப் பிறந்த ரூபாய் இறக்குமதிக்குப் போனது. டாலரின் விலையையோ 200 ரூபாய் அளவில் பிடித்துவைத்திருந்தார்கள். பணமும் அச்சடிப்போம், விலையையும் பிடிப்போம் என்றால் நடுவில் கரைவது கையிருப்பு. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் கொழும்பின் விலைவாசி ஏற்றம் ஏறக்குறைய 70 சதவீதமானது.

பலரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. 2023இன் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அரசுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதைத் தடைசெய்துவிட்டது. கரன்சி போர்டிடம் எதிர்பார்த்த முதல் பலன், காகிதத்தில், கிடைத்துவிட்டது. வித்தியாசம் எங்கே என்றால், சட்டத்தை மெல்ல வளைத்தால் வெளியே தெரிய மாதங்கள் ஆகும். போர்டில் வளைத்தால் அடிக்கடி வெளியாகும் கையிருப்புக் கணக்கிலேயே தெரியும்: ஒருபக்கம் அடித்தளப் பணம், மறுபக்கம் வெளிநாட்டுச் சொத்து, பொருந்தாவிட்டால் எவரும் கேட்கலாம்.

## நேரடி டாலர்

2000 ஜனவரியில் ஈக்வடார் 25,000 சுக்ரேக்கு ஒரு டாலர் என்று வைத்துத் தன் நாணயத்தையே கைவிட்டது. அறிவித்த அதிபர் ஹமில் மவாத் அதே மாதம் பதவியிழந்தார். டாலர் மட்டும் நிலைத்துவிட்டது. இங்கே யாரும் பந்தயம் கட்டி நாணயத்தைத் தாக்க முடியாது, தாக்க நாணயமே இல்லை.

மறைந்திருக்கும் செலவு வட்டியில் இருக்கிறது. கரன்சி போர்டு தன் கையிருப்பை அமெரிக்க அரசுப் பத்திரங்களில் போட்டு வட்டி வாங்கும். டாலர் நோட்டையே புழங்கும் நாடு பீரோவில் காகிதத்தை வைத்திருக்கிறது. வட்டி அமெரிக்காவுக்குப் போகிறது. இலங்கைக்குக் கீழே கணக்கிடும் 370 கோடி டாலர் புழக்கத்துக்கு 4 சதவீத வட்டி என்று வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 15 கோடி டாலர் கைநழுவும். வங்கிகளைக் காப்பாற்றும் விஷயத்திலும் இது போர்டைவிட ஒருபடி கீழேதான்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| கேள்வி | கரன்சி போர்டு | மத்திய வங்கி | நேரடி டாலர் |
|---|---|---|---|
| அரசுக்கு அச்சடிப்பு | முடியாது. பின்வாசல் பத்திரங்களைக் கவனிக்க வேண்டும் | முடியும், சட்டம் தடுத்தால் ஒழிய | முடியவே முடியாது |
| வெளி அடியைத் தாங்குவது | சம்பளம், வேலை, வீட்டு விலை | பெரும்பாலும் நாணய மதிப்பு | சம்பளம், வேலை |
| வங்கியில் கூட்டம் | ஈடுபோக மிஞ்சிய கையிருப்பு இருந்தால் அந்த அளவுக்கு மட்டும் | உள்நாட்டுப் பணத்தில் வரம்பின்றி | கடன் வாங்கிய டாலர் அளவுக்கு மட்டும் |
| தொடக்கச் செலவு | அடித்தளப் பணம் முழுவதற்கும் டாலர் | குறைவு | ஏறக்குறைய போர்டு அளவே |
| கையிருப்பின் வட்டி | நாட்டுக்கு | நாட்டுக்கு | அமெரிக்காவுக்கு |
| வெளியேறும் வழி | உண்டு. திட்டமிடாவிட்டால் ரணம் | தேவையில்லை | புது நாணயமே அச்சிட வேண்டும் |

## இலங்கையின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம்

2022 கடைசியில் இலங்கையின் அடித்தளப் பணம் ஏறக்குறைய 1.35 டிரில்லியன் ரூபாய். நம் வழக்கில் 1.35 லட்சம் கோடி. டாலர் 363 ரூபாய் அளவில் இருந்தது. அந்த விலையில் போர்டு தொடங்கச் சுமார் 370 கோடி டாலர் வேண்டும். அறிவித்த கையிருப்பு 190 கோடி. அதில் 140 கோடி அளவு சீன மத்திய வங்கியுடனான பண மாற்று ஒப்பந்தம். நினைத்தபடி எடுத்துச் செலவழிக்க முடியாதது. மீதி 50 கோடி.

இப்போது கையிலிருக்கும் 50 கோடியைக் கொண்டே நூறு சதவீத ஈடு காட்ட வேண்டுமானால், 1.35 லட்சம் கோடியை 50 கோடியால் வகுக்க வேண்டும். டாலருக்கு 2,700 ரூபாய். அந்த விலையில் மருந்தும் எரிபொருளும் வாங்கும் ஊரை நினைத்துப் பாருங்கள். நிலைபெற்ற ரூபாய்தான், ஆனால் எந்தப் பள்ளத்தில் நிலைபெற்றது என்பதும் முக்கியம். 363இலேயே நிறுத்த வேண்டுமானால் மீதி 320 கோடி டாலரை யாராவது கடன் தர வேண்டும். கடன் கட்ட முடியாது என்று அறிவித்த நாட்டுக்கு!

இன்னொரு சங்கடம் வங்கிகளில் இருக்கிறது. அங்கே வங்கிகள், குறிப்பாக அரச வங்கிகள், அரசின் பத்திரங்களையும் அரச நிறுவனங்களின் கடன்களையும் நிறையச் சுமந்திருந்தன. அரசு தடுமாறினால் வங்கியும் தடுமாறும். அந்த நேரத்தில் ரொக்கம் கொடுக்க ஆள் இல்லாத ஏற்பாட்டுக்குப் போவது, வீடு எரியும்போது தீயணைப்பு நிலையத்தை மூடுவது மாதிரி.

## எப்போது எது

நாடு சிறியது, வணிகம் பெரும்பாலும் ஒரே நாணயத்தில், சம்பளம் ஏறவும் இறங்கவும் மக்கள் பழகியவர்கள், வங்கிகள் வலுவானவை, அரசுக்குக் கடன் குறைவு என்றால் கரன்சி போர்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஹாங்காங்குக்கு இவை எல்லாம் பெரும்பாலும் பொருந்தின. சொந்த நாணயத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை முழுக்கப் போய், சேமிப்பும் வாடகையும் ஏற்கெனவே டாலரில்தான் ஓடுகிறது என்றால் நேரடி டாலரில் இழப்பதற்கு அதிகம் இல்லை. ஈக்வடார் அந்த நிலையில்தான் இருந்தது.

தேயிலை, ஆடை, சுற்றுலா, வளைகுடாவிலிருந்து வரும் பணம் என்று பலதிசை வரவுகளை நம்பி, எரிபொருள் விலைக்கு அடிக்கடி அகப்படும் இலங்கை போன்ற நாட்டுக்கு, அரசுக்கு அச்சடிக்கக் கூடாது என்ற தடையுடன் கூடிய மத்திய வங்கியே மேல் என்பது என் கருத்து. ஒரு நிபந்தனை உண்டு: டாலரின் விலையைப் பிடித்துவைக்க ஆசைப்படக் கூடாது. கட்டிவைப்பதானால் போர்டுபோல் முழுக்கக் கட்டுங்கள், அல்லது அவிழ்த்துவிடுங்கள். பாதி கட்டிய கயிற்றில்தான் 2022 வந்தது.

போர்டை விரும்புகிறவர்கள் பல்கேரியாவைப் பார்ப்பது நல்லது. 1997 பிப்ரவரியில் மட்டும் அங்கே விலைகள் மூன்று மடங்குக்கு மேல் எகிறின. ஜூலை 1 அன்று போர்டு தொடங்கியது, ஜெர்மன் மார்க்குடன் கட்டியது. மத்திய வங்கியை மூடாமல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு வெளியிட்ட பணத்தையும் அதற்கான கையிருப்பையும் மட்டும் பார்க்கும். மற்றொன்று, ஈடுபோக மிஞ்சிய கையிருப்பிலிருந்து மட்டும், அதுவும் நெருக்கடியில் மட்டும், வங்கிகளுக்குக் கடன் தரலாம். அர்ஜென்டினா மறைத்துவைத்த கதவை இவர்கள் அளவெடுத்து, சட்டத்தில் எழுதி வைத்தார்கள். மார்க் போய் யூரோ வந்தபின் ஒரு யூரோவின் விலை 1.95583 பல்கேரிய லெவ் என்று ஆனது. 2026 ஜனவரி 1 அன்று பல்கேரியா யூரோவுக்கு மாறியபோது, மக்களின் லெவ்வை அதே 1.95583க்குத்தான் மாற்றிக் கொடுத்தார்கள்.